‘மெந்தே’ வந்தாலே பிழையா?

மொழிக்காதலன்: ஆங்கிலத்தில் ‘லி’ என்று முடியும் வினையடைகளுக்கெல்லாம் இத்தாலியத்தில் ‘மெந்தே’ ஒட்டி எழுதுகிறவர்களுக்கு அந்த மொழி தெரியாது என்றுதான் சொல்வேன். நல்ல மொழிபெயர்ப்பில் ஒரு மெந்தே கூட இருக்கக் கூடாது. ஒரு பெண் ‘குவயட்லி’ கதவைச் சாத்திவிட்டு ‘ஸ்லோலி’ படியிறங்கினாள் என்ற வாக்கியத்தைச் சென்ற வாரம் இங்கே ஒருவர் ‘கியூஸே சிலென்ஸியோஸமெந்தே லா போர்த்தா எ ஷேஸே லெந்தமெந்தே லே ஸ்காலே’ என்று பெயர்த்திருந்தார். சிலென்ஸியோஸமெந்தே என்பது பிழை. மறுப்பவர்கள் வரலாம்.

வைகைக்கரை: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அது வகுப்பு மாணவர் ஒருவருக்காக நான் எழுதிக்காட்டிய முதல் வரைவு என்பதையும், அதை ஏன் மாற்ற வேண்டும் என்று அடுத்த பதிவிலேயே விளக்கியிருந்தேன் என்பதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். வாக்கியம் இலக்கணப்படி சரியானது. எந்த இத்தாலியரும் அதைப் பிழை என்று சொல்லமாட்டார். அதன் குறை ஓசையில் இருக்கிறது. ‘குவயட்லி’ மூன்று அசை, சிலென்ஸியோஸமெந்தே ஆறு அசை. ‘ஸ்லோலி’ இரண்டு அசை, லெந்தமெந்தே நான்கு. அது மட்டுமல்ல, எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் அழுத்தம் ‘மென்’ மீதே விழுவதால், அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஒரே மணியை இரண்டு முறை அடித்ததுபோல் கேட்கிறது. ஆங்கிலத்தின் ‘லி’ அழுத்தமில்லாத சிறு வால் என்பதால் அங்கே இரண்டு வந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும், இத்தாலியத்தில் பொறுக்காது. ஒன்றை எடுத்துவிட்டால் போதும், இரண்டையும் எடுக்க வேண்டியதில்லை.

மொழிக்காதலன்: எடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே சிலென்ஸியோஸமெந்தே பிழை. இதற்கு இத்தனை அசைக் கணக்கு எதற்கு?

பலெர்மோவாசி: நான் பத்தொன்பது வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறேன். வயதான ஓர் அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை வருவது ‘கியூதி பியானோ லா போர்த்தா’, கதவை மெல்லச் சாத்து, என்ற வார்த்தைதான். சிலென்ஸியோஸமெந்தே என்று ஒரு மனிதர் கதைத்து நான் கேட்டதே கிடையாது. அப்படி ஒரு சொல் அகராதிக்காரர்கள் செய்தது என்றுதான் நினைக்கிறேன். பியானோ என்று போட்டால் வேலை முடிந்தது.

வைகைக்கரை: அண்ணா, உங்கள் காதை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த அம்மா உங்களிடம் கேட்டது கதவை அடிக்காமல் சாத்தச் சொல்லித்தான். பியானோ அதற்குப் பொருத்தமானது. கதையில் வரும் பெண்ணோ யாருக்கும் தெரியாமல் வெளியேறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முக்கியம் கதவின் மென்மை அல்ல, ஓசை எழாமை. அங்கே ‘சென்ஸா ஃபார் ருமோரே’, அதாவது சத்தம் எழுப்பாமல், என்பதே நேரான சொல். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தது என்றால் பியானோ போதும். ‘குவயட்லி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காட்சிகளும் அடங்கியிருக்கின்றன. முந்தைய பத்தியைப் படிக்காமல் எதைப் போடுவது என்று தீர்மானிக்க முடியாது. பேச்சில் கேட்டதில்லை என்பதற்காக ஒரு சொல் இல்லாமல் போய்விடாது. எழுத்தில் அது இருக்கிறது, கதை சொல்லும் நடையில் இயல்பாகவே வருகிறது.

பாடும்பறவை: நான் மேற்கத்திய இசை படிக்கிறேன். இசைத்தாளில் பியானோ என்றால் மெல்லிய ஒலி, அதாவது சத்தத்தின் அளவு. வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மெதுவாக என்பதற்கு அதாஜியோ இருக்கிறது. ஆகவே பியானோ என்பது ‘குவயட்லி’க்கு மட்டுமே பொருந்தும், இதில் குழப்பமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியரிடமும் இதையேதான் கற்றேன்.

வைகைக்கரை: இசைத்தாளில் நீங்கள் சொல்வது சரி, தெருவில் சரியல்ல. காரை விரட்டுகிறவரிடம் ‘வா பியானோ’ என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். ‘கி வா பியானோ வா ஸானோ எ வா லொந்தானோ’ என்ற பழமொழியில் பியானோ மெதுவாகப் போவதைத்தான் சொல்கிறது: மெதுவாகப் போகிறவன் நலமாகப் போவான், தொலைவும் போவான். சிக்கல் இங்கேதான் எழுகிறது. ‘கியூஸே பியானோ லா போர்த்தா’ என்று எழுதினால் மெதுவாகச் சாத்தினாளா, சத்தமின்றிச் சாத்தினாளா என்று வாசகருக்கு இரண்டும் கலந்தே கேட்கும். பெரும்பாலும் அந்தக் கலப்பு நல்லதுதான். ஆனால் நம் வாக்கியத்தில் அடுத்த பாதியிலேயே ‘ஸ்லோலி’ வருவதால், முதல் பாதியின் பியானோ அதன் பொருளைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. அதனால்தான் இந்த இடத்தில் நான் பியானோவைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இலக்கணச்செல்வி: எல்லோரும் எளிய வழியை மறந்துவிட்டீர்கள். இத்தாலியத்தில் பெயரடையையே வினையோடு வைக்கலாம். ‘ஷேஸே லெந்தா லே ஸ்காலே’, ‘கியூஸே சிலென்ஸியோஸா லா போர்த்தா’. இரண்டு மெந்தேயும் போயிற்று, வாக்கியமும் சுருங்கியது. மெந்தே என்பதே லத்தீனில் மனம் என்ற பெண்பால் சொல், அதனால்தான் அதன் முன்னால் எப்போதும் பெண்பால் வடிவம் வருகிறது: லெந்தா, லெந்தமெந்தே, லெஜ்ஜெரா, லெஜ்ஜெரமெந்தே. அடிப்படை தெரிந்தால் எதையும் கட்டலாம், எதையும் கழற்றலாம்.

மொழிக்காதலன்: அது லெஜ்ஜெர்மெந்தே. நடுவில் ‘ஆ’ கிடையாது. அடிப்படை தெரிந்தவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இலக்கணச்செல்வி: அது விதிவிலக்கு. நான் சொன்னது விதி.

மொழிக்காதலன்: ‘எப்போதும்’ என்று எழுதினீர்கள். அப்படியானால் வியொலெந்தோ என்பதற்கு என்ன? வியொலெந்தமெந்தே என்பீர்களா? வியொலெந்தெமெந்தே என்பதுதான் சொல். மெந்தே வேண்டாம் என்று சொல்கிற எனக்கே அதன் வடிவங்கள் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கின்றன. போன மாதம் கொஞ்ஜுந்தீவோ என்ற வினைவடிவம் பற்றிய விவாதத்தில் என்னைத் திருத்த வந்தவர் நீங்கள்தானே?

இலக்கணச்செல்வி: அப்போது திருத்தியது சரியாகத்தான் இருந்தது. நீங்கள்தான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வைகைக்கரை: அந்தப் பழைய கணக்கை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். செல்வி அம்மா சொன்ன வழி மிக அருமையான வழி, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. குழந்தைகள் ‘பீஸ்ஃபுல்லி’ தூங்கினார்கள் என்பதை ‘ஈ பம்பீனி தொர்மீவானோ த்ராங்குவில்லி’ என்றால் அதைவிட நல்ல இத்தாலியம் இல்லை. அமைதி அந்தக் குழந்தைகளின் நிலை. பெயரடை அவர்களோடு பால், எண் இரண்டிலும் ஒத்துப்போகிறது. ஒருத்தி எரிச்சலோடு பதில் சொன்னால் ‘ரிஸ்போஸே ஸெக்காத்தா’, ஒருவன் என்றால் ‘ஸெக்காத்தோ’. ‘லெந்தா’வும் எழுத்து நடையில் நிற்கும், சற்றே கவிதைச் சாயலோடு. ஆனால் ‘கியூஸே சிலென்ஸியோஸா லா போர்த்தா’ என்றதும் மௌனம் கதவை விட்டு அவள்மீது ஏறிவிடுகிறது. அவள் ஒன்றும் பேசாமல் சாத்தினாள் என்று ஆகும். கதவு படாரென்று மோதியிருந்தாலும் அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கும். ஆகவே பெயரடையை வைக்கும் முன் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பண்பு ஆளுடையதா, செயலுடையதா? ஆளுடையது என்றால் பெயரடை வரலாம். செயலுடையது என்றால் வேறு வழி தேட வேண்டும்.

பலெர்மோவாசி: ஒன்றும் பேசாமல் சாத்தினாலும் சத்தம் இல்லைத்தானே? இதெல்லாம் யார் கவனிப்பார்கள்?

வைகைக்கரை: வாசகர் கவனிப்பார். அவர் கவனிக்கவில்லை என்றாலும் நான் கவனிக்க வேண்டும். நான் இந்த வேலையில்தான் சோறு தின்கிறேன்.

மொழிக்காதலன்: கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சிலென்ஸியோஸமெந்தே பிழையா, இல்லையா? மெந்தேயால் எத்தனை ஒப்பந்தங்கள் கெட்டிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை: கேட்டதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் சரிபார்த்த ஓர் இயந்திர வாடகை ஒப்பந்தத்தில், வாடகைக்கு எடுத்தவர் நிலுவையை ‘ஈவென்ச்சுவலி’ செலுத்துவார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அதை ‘எவெந்துவால்மெந்தே’ என்று பெயர்த்துவிட்டார். இத்தாலியத்தில் அதன் பொருள் ‘தேவைப்பட்டால்’, ‘அப்படி நேர்ந்தால்’ என்பதுதான். கட்டாயமாகத் தர வேண்டிய பணம், ஒரே சொல்லில், தந்தாலும் தரலாம் என்ற பணமாகிவிட்டது. வாடகைக்கு எடுத்த இத்தாலியத் தரப்பு அதைப் படித்து மகிழ்ந்திருக்கும். கையெழுத்துக்கு முந்தைய நாள் மாலையில் என் கண்ணில் பட்டதால் தப்பியது. ஆனால் அந்தத் தவறு மெந்தேயால் வந்ததல்ல, ஒலி ஒத்திருப்பதை நம்பியதால் வந்தது. ‘ஆக்சுவலி’யை ‘அத்துவால்மெந்தே’ ஆக்குவதும் இதே குழிதான். அதற்குத் ‘தற்போது’ என்று பொருள். ‘இன் ரெயல்தா’ என்றுதான் வர வேண்டும்.

கதைகளில் ‘ஈவென்ச்சுவலி’ வந்தால் பல நேரங்களில் வினையடையே தேவைப்படாது. அவன் கடைசியில் ஒப்புக்கொண்டான் என்பதற்கு ‘ஃபினீ பெர் அச்செத்தாரே’ என்றால் போதும். ஆங்கிலம் வினையடையில் வைத்ததை இத்தாலியம் வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. மெந்தேக்கு மாற்று தேடும்போது எல்லோரும் இன்னொரு வினையடையைத் தேடுகிறார்கள். பாதி நேரம் விடை வினைச்சொல்லில் இருக்கிறது.

மொழிக்காதலன்: அந்த ஒப்பந்தமே என் கட்சிக்குச் சான்று. மெந்தே எழுதாமல் இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

வைகைக்கரை: கத்தியை விட்டால் விரல் வெட்டாது, காயும் நறுக்க முடியாது. ‘ப்ராபப்ளி’ என்பதற்குப் ‘ப்ரொபாபில்மெந்தே’ எழுதாமல் எத்தனை பக்கம் ஓட்டுவீர்கள்? ஓரிரண்டு இடத்தில் ‘ஃபோர்ஸே’ போடலாம், ஆனால் அது இன்னும் தளர்வான ஐயம். ‘தி சிக்குரோ’ போட்டால் உறுதி கூடிவிடும். நடுவில் நிற்கும் அந்த அளவுக்கு மெந்தேதான் இருக்கிறது. என் முடிவான வரி இதோ: ‘கியூஸே லா போர்த்தா சென்ஸா ஃபார் ருமோரே எ ஷேஸே லெந்தமெந்தே லே ஸ்காலே.’ சத்தமின்மைக்குச் சொற்றொடர், மெதுவுக்கு ஒரே ஒரு மெந்தே. கதைப்போக்கு வேண்டினால் இரண்டாவதை ‘ஆ பாஸ்ஸி லெந்தி’ என்று மாற்றலாம், ஆனால் இங்கே அது படிகளைவிடக் காலடிகளைக் காட்டும். எனக்கு அது வேண்டாம்.

இலக்கணச்செல்வி: லெந்தமெந்தேயை வைத்துக்கொண்டு சிலென்ஸியோஸமெந்தேயை எடுத்தது ஏன்? மாறாகவும் செய்திருக்கலாம் அல்லவா? ‘கியூஸே சிலென்ஸியோஸமெந்தே லா போர்த்தா எ ஷேஸே அதாஜியோ லே ஸ்காலே’ என்றாலும் ஒரே மெந்தேதான்.

வைகைக்கரை: செய்யலாம். அதாஜியோ ‘சாவகாசமாக’ என்ற சாயலைக் கொண்டுவரும். அவள் தப்பித்துப் போகிறவள் என்றால் அது பொருந்தாது, விருந்து முடிந்து போகிறவள் என்றால் பொருந்தும். முந்தைய பத்தியை யாராவது கொடுத்தால் சொல்கிறேன்.

பாடும்பறவை: அதாஜியோ என்பது மெதுவான வேகம். சாவகாசம் என்று என் ஆசிரியர் சொன்னதில்லை.

பலெர்மோவாசி: இன்று மாலை அந்த அம்மாவிடமே சிலென்ஸியோஸமெந்தே பற்றிக் கேட்டேன். ‘புத்தகத்தில் இருக்கும், நீ கதவைப் பியானோவாகச் சாத்து’ என்றார்.

மொழிக்காதலன்: பார்த்தீர்களா, இத்தாலியரே சொல்லிவிட்டார். சிலென்ஸியோஸமெந்தே பிழை.

வைகைக்கரை: ‘புத்தகத்தில் இருக்கும்’ என்றுதான் அவர் சொன்னார். நாம் பெயர்த்துக்கொண்டிருப்பதும் புத்தகத்தைத்தான்.