காபி வறுவல் ஏட்டில் 'ரேட் ஆஃப் ரைஸ்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

நசீர், தண்டையார்பேட்டை

என் ஒரு கிலோ டிரம் ரோஸ்டருக்குத் தமிழில் வறுவல் ஏடு அச்சிடப் போகிறேன். 'ரேட் ஆஃப் ரைஸ்' கட்டத்துக்கு 'ஏறுவீதம்' என்றும் முதல் வெடிப்பிலிருந்து இறக்கும்வரை ஆகும் 'டெவலப்மென்ட் டைம்' கட்டத்துக்கு 'வளர்ச்சி நேரம்' என்றும் எழுதிப் பார்த்தேன். முதல் சொல்லே வம்பில் முடிந்தது. எட்டாவது நிமிடத்தில் முதல் வெடிப்பு தொடங்கியதும், கொட்டையின் வெப்பநிலை நிமிடத்துக்கு 9 டிகிரி ஏறிக்கொண்டிருந்தது 3-க்கு இறங்கியது. "ஏறுவீதம் குறைகிறது" என்றேன். கொட்டை குளிர்கிறது என்று எண்ணி உதவியாளர் கேஸைக் கூட்டிவிட்டார். சற்று நேரத்தில் 8-க்குத் தாவியது. 9 நிமிடம் 40 விநாடியில் இறக்கினோம். குடித்தால் காய்ந்த ரொட்டி வாசனை, இனிப்பைக் காணோம்.

பாஸ்கர், பெரம்பூர்

'வெப்ப ஏற்ற விகிதம்' என்று எழுதுங்கள், விளங்கும். உதவியாளர் செய்தது சரிதான். சரிந்தால் கேஸ் கூட்டத்தானே வேண்டும்?

கோதண்டம், வண்ணாரப்பேட்டை

ஏறுவீதம் என்றதும் பச்சைக் கொட்டை விலையைப் பற்றிய பேச்சென்று திறந்தேன்! எங்கள் காபித்தூள் கடையில் நிறமும் வாசனையும்தான் கணக்கு. அதைப் 'பதம்' என்போம்.

மல்லிகா, ராயபுரம்

பாஸ்கர் சார், 'வெப்பம்' வேண்டாம். நாம் அளப்பது வெப்பநிலை. 'விகித'த்தையும் செலவழித்துவிடாதீர்கள், அது இன்னொன்றுக்குத் தேவை. நசீர் பாயின் வறுவலில் வெடிப்புக்குப் பின் 100 விநாடி, மொத்தம் 580. நூற்றுக்கு ஏறத்தாழ 17. விகிதம் என்பது அதற்குத்தான் பொருந்தும்.

கேஸ் விஷயத்திலும் உடன்பாடில்லை. வெடிக்கும்போது கொட்டையிலிருந்து நீராவி வெளியேறி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் அந்தச் சரிவு. அப்போது கூட்டிய கேஸ் டிரம்மைச் சூடாக்கிக் கொட்டைக்கு வந்து சேர்வதற்குள் நீராவி அடங்கிவிடுகிறது, உடனே தாவல். வெடிப்புக்கு வெகு முன்பிருந்தே கேஸைச் சிறுகச் சிறுகக் குறைத்து வந்தால் சரிவு ஆழமாகாது.

ஆகவே ஏட்டில் 'ஏறுவேகம்' என்று எழுதலாம். பஸ் வேகம் குறைந்தால் பின்னோக்கிப் போகிறது என்று யாரும் நினைப்பதில்லை.

'வளர்ச்சி' எனக்குப் பிடிக்கவில்லை. கொட்டைக்குள் சுவை உருவாவது வெடிப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அளக்கப்படுவதை மட்டும் சொல்லும் 'வெடிபின் நேரம்' போதும்.

நசீர்

ஏறுவேகத்தை ஏற்கிறேன். 'வெடிபின்' வாயில் நுழையவில்லை. கோதண்டம் ஐயாவின் சொல்லை எடுத்துப் 'பத நேரம்' என்றால் என்ன? இன்னொரு சிக்கல்: எதை வெடிப்பின் தொடக்கமாகக் குறிப்பது? தெருவில் கன்டெய்னர் லாரி போனால் முதல் இரண்டு மூன்று 'டப்' கேட்பதே இல்லை.

மல்லிகா

ஒற்றை வெடிகளை விடுங்கள், தொடர்ந்து வெடிக்கத் தொடங்கும்போது குறியுங்கள். எந்த முறையானாலும் எல்லா வறுவலுக்கும் அதுவே இருக்கட்டும். 15 விநாடி தள்ளிக் குறித்தாலே உங்கள் 17 என்பது 15-க்குக் கீழே போய்விடும். 'பத நேரம்' என்றால், அந்த நேரம் முடிந்ததும் பதம் வந்துவிட்டது என்று உதவியாளர் இறக்கிவிடுவாரே?

கோதண்டம்

பதம் வந்தால்தானம்மா இறக்க வேண்டும்!