புதுப்பிப்பு: ஸ்கான் செய்த பில்களுக்குப் பெயர் வைக்கும் முறை

நான் கேட்டிருந்தது: "ஹாட்வெயார் கடைக்கு வரும் பில்களை ஸ்கான் செய்து வைக்கிறோம். கேட்ட பில்லை உடனே எடுக்க பைலுக்கும் போல்டருக்கும் எப்படிப் பெயர் வைப்பது?"

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. சரிவந்தது கொக்குவில் அண்ணா சொன்ன முறைதான். போல்டர் வருடத்துக்கு ஒன்று மட்டும். பில் திகதி, சப்ளையரின் சுருக்கப்பெயர், பில் இலக்கம், தொகை எல்லாம் பைல் பெயரில்:

```
2024-03-07_cement_SI-24-0871_48500.pdf
```

வருடம் முன்னுக்கு நிற்பதால் பைல்கள் தானாகவே திகதிப்படி அடுக்குப்படுகின்றன. போன கிழமை சீமெந்து ஏஜென்ட், 48,500 ரூபா நிலுவை என்று கோல் எடுத்தார். தேடும் பெட்டியில் 48500 என்று அடித்தேன். அவர் பேசி முடிக்க முதல் பில் திரையில். காசோலை இலக்கத்தைப் பில்லிலேயே எழுதிவிட்டுத்தான் ஸ்கான் செய்கிறோம், அதையும் வாசித்துக் காட்டினேன்.

எதிர்பாராதது ஒன்று. பில்லில் இருப்பது SI/24/0871. விண்டோஸ் பைல் பெயரில் சாய்கோட்டை விடாது, அதனால் இடைக்கோடு போட்டோம். தேடும்போது 0871 மட்டும் அடித்தால் போதும்.

தமிழில் பெயர் வைக்கச் சொன்ன அக்காவின் யோசனை யூனிகோடில் அடித்தால் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் கடையில் பாமினியில் அடித்துப் பழகிய கை. சீமெந்து `rPnke;J` என்று வந்து நிற்கிறது, யூனிகோடில் தேடினால் அகப்படாது. ஆகவே சுருக்கப்பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே. பட்டியலை ஸ்கானருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

எந்த ஸ்கானர் என்று கேட்ட தம்பி, அதைத் தனியாகக் கேளுங்கோ. திருப்பி அனுப்பிய சாமானின் கிரெடிட் நோட்டுக்கு அதன் திகதியா, பழைய பில்லின் திகதியா போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.