போனில் டைப் செய்த வினாத்தாள் கடையில் குழம்பி வந்தது: லெப்டொப் இல்லாமல் இந்த வேலை சரிவருமா?

பனிச்சாரல்

வணக்கம். பேராதனையில் ஹொஸ்டலில் இருந்து படிக்கிறேன், இரண்டாம் வருடம். வீடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மாவிடம் கைச்செலவுக்குக் கேட்க மனம் வரவில்லை. கையில் இருப்பது ஒரு போன், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு சும்மா இருக்கும் நேரம், அவ்வளவுதான். லெப்டொப் இல்லை, போட முதலும் இல்லை.

போன மாதம் எங்கள் ஊர் டீச்சர் ஒருவர், எட்டாம் வகுப்புத் தவணைப் பரீட்சைக்குக் கையால் எழுதிய கணித வினாத்தாளை வட்ஸ்அப்பில் அனுப்பி, டைப் செய்து தரச் சொன்னார். பக்கத்துக்கு 100 ரூபா, நாலு பக்கம். Google Docs-இல் இரண்டு இரவு உட்கார்ந்து அடித்தேன், ஏழு மணித்தியாலம் போயிருக்கும். வேர்ட் ஃபைலாக அனுப்பினேன். அவர் அதைக் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்தால் எல்லாம் குழம்பிப் போயிருக்கிறது. தமிழ் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் x இருந்த இடத்தில் "ஒ", y இருந்த இடத்தில் "ல". காற்புள்ளி போட்ட இடமெல்லாம் "இ". கடைசிக் கேள்வியின் பாதி அடுத்த பக்கத்தில். "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று டீச்சர் காசு தரவில்லை. என் போனில் இப்போதும் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. பிழை எங்கே? இந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கவா?

டிக்கோயா தம்பி

ஏழு மணித்தியாலமா! கீபோர்டில் இருக்கிற மைக்கை அழுத்திவிட்டு வாசியுங்கள் அக்கா, அதுவே அடிக்கும். நாலு பக்கம் அரை மணித்தியாலத்தில் முடியும்.

அப்புத்தளை நிலா

டைப்பிங் எல்லாம் கஷ்டம். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடுகிற வேலை ஒன்று வந்திருக்கிறது. முதல் நாளே எனக்கு 300 ரூபா கணக்கில் விழுந்தது. இப்போது 5000 கட்டினால் அடுத்த நிலையாம், ஒரு நாளைக்கு 2000 வருமாம். முதல் இல்லை என்கிறீர்கள், இதற்குக் கொஞ்சம்தான் வேண்டும். யாராவது கட்டிப் பார்த்தீர்களா?

பண்டாரவளை அச்சுக்காரன்

நிலா, கட்டாதீர்கள். அந்த 300 தூண்டிலில் குத்திய புழு. 5000 கட்டினால் திரையில் 8000 என்று காட்டும், எடுக்கப் போனால் இன்னும் 15000 கேட்கும். என் கடைக்கு வந்து அழுதுகொண்டே பேங்க் ஸ்லிப் பிரின்ட் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: "உங்கள் கணக்குக்குக் காசு வரும், இன்ன கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்றும் சொல்வார்கள். அது வேறொருவரிடம் ஏமாற்றி எடுத்த காசு. பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

பனிச்சாரல் தங்கச்சி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு மேலாகக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன ஒ, ல, இ மூன்றையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைப் பையன் உங்கள் ஃபைலைத் திறந்து, மொத்தத்தையும் தெரிவு செய்து, எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றியிருக்கிறான். இங்கே கடைகளில் அது கைப்பழக்கம்.

பாமினி பழைய காலத்து எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. பாமினியில் "தமிழ்" என்று அடித்த ஃபைலை உங்கள் போனில் திறந்தால் இப்படித்தான் தெரியும்:

```
jkpo;
```

உங்கள் போனில் நீங்கள் அடிப்பது யுனிகோட், உள்ளேயும் அது தமிழ்தான். பாமினியில் அந்த எழுத்துகளுக்கு உருவம் கிடையாது. அதனால் வேர்ட் வேறு எழுத்துருவை எடுத்துத் தமிழைக் காட்டிவிடும், தமிழ் தப்பித்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும்தான் மாட்டிக்கொள்ளும். பாமினியில் x என்றால் ஒ, y என்றால் ல, காற்புள்ளி என்றால் இ. பிழை உங்களுடையது இல்லை, ஆனால் வேர்ட் ஃபைலாகக் கொடுத்தால் திரும்பவும் நடக்கும்.

PDF ஆகக் கொடுங்கள். Google Docs-இல் மேலே மூன்று புள்ளி, Share & export, Save as, அதில் PDF. எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும், கடைப் பையன் கை வைக்க முடியாது. அதற்கு முன் அதே மூன்று புள்ளிக்குள் Page setup போய்த் தாள் அளவைப் பாருங்கள். Letter என்று இருந்தால் A4 ஆக மாற்றுங்கள். Letter கிட்டத்தட்ட 28 சென்டிமீற்றர் உயரம், நம் கடைத் தாள் 29.7. உங்கள் கடைசிக் கேள்வி உடைந்ததற்கு இது காரணமாக இருக்கலாம், எழுத்துரு மாறி வரி நீண்டதும் காரணமாக இருக்கலாம். ஃபைலைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

டிக்கோயா தம்பி

அப்போ நான் சொன்ன மைக்?

பத்தனை மாணவி

தம்பி, நான் அதைச் செய்து பார்த்தவள். கல்வியியல் கல்லூரியில் பாடத்திட்டம் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, வாசித்தே அடிக்கலாம் என்று தொடங்கினேன். பந்தி பந்தியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கிறது, அது உண்மை. ஆனால் "விளைவு" என்று சொன்னால் ஒருமுறை "விலைவு" என்று வரும், "பழம்" "பலம்" ஆகும். கேள்விக்குறி விழாது. கேள்வி இலக்கமும் நாலு விடையும் தொடர்ந்து ஒரே வரியில் ஓடும். திருத்துகிற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் வாசிப்புப் பந்தி, கட்டுரைக்கு லாபம். பல்தேர்வு வினாவுக்குக் கையால் அடிப்பதே மேல். கணிதத்துக்குச் சுத்தமாகச் சரிவராது. அதோடு ஹொஸ்டல் அறையில் நாலு பேர் இருக்கும்போது வாசிப்பது எப்படி? நான் குளியலறை வாசலில் நின்று வாசித்தேன், எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய அச்சுத்தாளில் இருந்து கேள்வி எடுப்பதென்றால் Google Lens-ஆல் படம் பிடித்து எழுத்தைக் கொப்பி செய்யலாம், அச்சுத் தமிழை ஓரளவு ஒழுங்காக எடுக்கும். கையெழுத்தைக் கொடுத்தால் வருவது வேறு பாஷை.

பனிச்சாரல்

மிக்க நன்றி அண்ணா. Page setup பார்த்தேன், Letter தான் இருந்தது! மாற்றி PDF எடுத்து டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஏழு மணித்தியாலத்துக்கு 400 ரூபா. டேட்டாவையும் கழித்தால் இது வேலையா?

பண்டாரவளை அச்சுக்காரன்

கணிதத்தை முதல் வேலையாக எடுத்ததுதான் பிசகு. பின்னம், வர்க்கமூலம் எல்லாம் போனில் ஒழுங்காகப் போட வழியில்லை. போன் Docs-இல் சமன்பாடு எழுதும் வசதியே கிடையாது. வரலாறு, சமயம், தமிழ், குடியுரிமைக் கல்வி இந்த மாதிரி எடுங்கள். என் கடையில் முன்பு வேலை செய்த பிள்ளை ஒருத்தி, 40 பல்தேர்வு வினா உள்ள வரலாற்றுத் தாளைப் போனிலேயே இரண்டு மணித்தியாலத்தில் முடிப்பாள். மூன்று பக்கம், 300 ரூபா. அவளுக்கு வேகம் வந்தது மாதிரி ஃபைல் ஒன்றை வைத்திருந்ததால்.

அதை நீங்களும் செய்யலாம். வளாக நூலகக் கணினியில் ஒருநாள் அரை மணித்தியாலம் உட்காருங்கள். Docs-இல் A4 தாள், மேலே பாடசாலைப் பெயர், தரம், பாடம், நேரம், சுட்டெண் போட இடம். கீழே 40 கேள்விக்கும் இலக்கம். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் நாலு விடைக்கு இரண்டு வரி இரண்டு நிரலில் கோடில்லாத அட்டவணை. இடைவெளிப் பொத்தானை அழுத்தி அழுத்தி விடைகளை நேராக்கினால் ஓர் எழுத்து மாறினாலும் எல்லாம் நகரும், அட்டவணையில் நகராது. அந்த ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு, புது வேலை வரும்போதெல்லாம் பிரதி எடுத்து நிரப்புங்கள். போனில் ஒஃப்லைனுக்கு வைத்துவிட்டால் அடிக்கும்போது டேட்டாவும் தேவையில்லை. அனுப்பும்போது மட்டும் போதும்.

படம் வேண்டுமென்றால் வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் வரைந்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் படம் எடுத்துச் செருகுங்கள். ராத்திரி பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் தாள் சாம்பலாகத் தெரியும், ரோனியோவிலும் பிரதியிலும் கறுப்புத் திட்டாக விழும்.

சாக்பீஸ் தூசி

நான் ஆசிரியர், நுவரெலியா பக்கம். எங்களுக்கு இந்த உதவி தேவைதான், ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தவணை வினாத்தாள் பரீட்சை முடியும் வரை வெளியே போகக் கூடாது. மகள் இப்படி அறையில் உட்கார்ந்து அடிக்கும்போது, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தம்பி அதே பாடசாலையில் படித்தால் என்ன ஆகும்? ஃபைலை இணைப்பாகப் பகிராதீர்கள், PDF ஆக நேராக ஆசிரியருக்கு மட்டும் அனுப்புங்கள். பரீட்சை முடியும் வரை யாரிடமும் பேச வேண்டாம். ஒருமுறை கசிந்தால் அந்த வட்டாரத்தில் ஒருவரும் வேலை தரமாட்டார்கள்.

காசு விஷயத்தில், முதல் பக்கத்தை மட்டும் PDF ஆக அனுப்புங்கள். எழுத்துப் பிழை பார்த்துத் திருத்தம் சொல்கிறேன் என்பவர்தான் ஒழுங்கான ஆள். மிச்சத்தைக் காசு வந்தபின் அனுப்பினாலும் நான் கோபிக்க மாட்டேன். வேறு ஆசிரியர்கள் கோபிப்பார்களா தெரியாது.

பத்தனை மாணவி

"ரீலோட் போட்டுவிடுகிறேன்" என்று சொல்கிறவர்களிடம் கவனம் அக்கா. எனக்கு ஒரு மாதம் வந்ததெல்லாம் ரீலோட். பேசித் தீர்க்கலாம், சோப்பு வாங்க முடியாது. பேங்க் கணக்கு இலக்கத்தை முதலிலேயே கொடுங்கள்.

பண்டாரவளை அச்சுக்காரன்

ஆசிரியர் மாணவி இருவரும் சொன்னது சரி. நான் ஒன்றே ஒன்றுதான் சேர்க்கிறேன்: திருத்தம் ஒருமுறைதான் இலவசம் என்று முதலே சொல்லிவிடுங்கள். நாலு தடவை "இந்தக் கேள்வியை மாற்றம்மா" என்று வந்தால் மணித்தியாலக் கூலி ஐம்பதுக்கு இறங்கிவிடும். வேலையும் தவணை முடிவில்தான் குவியும், நடுவில் காய்ந்துபோகும். மாதச் சம்பளம் மாதிரி நம்பாதீர்கள்.

பனிச்சாரல்

டீச்சர் இப்போதுதான் பேசினார். PDF சரியாக வந்ததாம். 400ம் கணக்குக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு டீச்சரின் ஆறாம் வகுப்பு வரலாறு, 40 பல்தேர்வு. நாளைக்கு நூலகம் போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அவர் போன வருடத் தாளைப் பாமினி வேர்ட் ஃபைலாக அனுப்பி, அதில் பாதிக் கேள்வியை அப்படியே எடுக்கச் சொல்கிறார். என் போனில் முழுக்க jkpo; மாதிரிதான் தெரிகிறது. இணையத்தில் மாற்றித் தரும் பக்கம் ஒன்றில் போட்டேன், தமிழாக வந்தது. ஆனால் அதில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாகச் சிதறிவிட்டன. அவற்றை மட்டும் தனியே காப்பாற்ற வழி இருக்கிறதா?

பண்டாரவளை அச்சுக்காரன்

எனக்குத் தெரிந்து இல்லை. ஆறாம் வகுப்பு வரலாற்றில் ஆங்கிலச் சொல் எத்தனை இருக்கப் போகிறது? டீச்சரிடம் அந்தத் தாளின் பிரின்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பக்கத்தில் வைத்துக் கையால் திருத்துங்கள்.

டிக்கோயா தம்பி

அக்கா, அந்தக் கோடில்லாத அட்டவணை ஃபைலை எனக்கும் ஒன்று அனுப்புவீர்களா?