மேற்கு ஜன்னலில் வெயில் விழுந்தபோது: கண்ணாடிக் கறை பற்றிய அனுபவங்கள்

மணவாளக்குறிச்சி வாசகி:

என் மகளின் நிச்சயதார்த்தத்திற்கு முந்தைய நாள் முன்னறையின் மூன்று மேற்கு ஜன்னல்களையும் நானே துடைத்தேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் கண்ணாடியில் எப்போதும் ஓர் உப்புப் படலம் இருக்கும். கீழ்ப்பகுதியில் தோட்டத்துப் போர் தண்ணீர் தெறித்து உண்டான வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. சோப்புத் தண்ணீர் தெளித்து, செய்தித்தாளைக் கசக்கி அழுத்தித் தேய்த்தேன்; பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. மறுநாள் மாலை நான்கரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் அமர்ந்திருந்தபோது சாய்ந்த வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. என் கை போன வழியெல்லாம் வில்வில்லாகக் கோடுகள் தெரிந்தன. வெள்ளைப் புள்ளிகளில் ஒன்றுகூடப் போயிருக்கவில்லை. சம்பந்தி அம்மாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் ஆகியும் அந்த வெயிலை என்னால் மறக்க முடியவில்லை.

தக்கலை வாசகி:

அக்கா, செய்தித்தாளைக் குறை சொல்லாதீர்கள். நான் இருபது வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன், ஒரு கோடும் விழுந்ததில்லை. நீங்கள் சோப்பு அதிகம் போட்டிருப்பீர்கள். வெள்ளைப் புள்ளிக்குப் புளிதான் மருந்து. குத்துவிளக்குக்குக் கரைக்கும் அதே புளியை என் குளியலறைக் கண்ணாடியில் பூசி வைத்தேன், புள்ளிகள் போயின. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் பிசுபிசுப்பும் எறும்பும் வந்தன. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வடசேரி, கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர்:

புளி வேலை செய்ததற்குக் காரணம் அதிலுள்ள புளிப்பு. எறும்பு வந்ததற்குக் காரணம் அதிலுள்ள சர்க்கரையும் சதைப்பற்றும். புளிப்பு மட்டும் போதும் என்பதால் மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளை வாங்கிக்கொள்ளலாம்.

மணவாளக்குறிச்சி அக்காவின் ஜன்னலில் இருந்தவை இரண்டு வேறு கறைகள். கடற்காற்று கொண்டுவரும் உப்பு வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். போர் தண்ணீர் விட்டுச்செல்வது பெரும்பாலும் சுண்ணாம்பு. அது தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். மூன்றாவதாக அங்கே மணலும் இருந்திருக்கும். உங்கள் கடற்கரை மணலில் உள்ள கார்னெட், சிர்கான் என்ற கனிமங்கள் கண்ணாடியைவிடக் கடினமானவை. உலர்ந்த மணல் ஒட்டியிருந்த கண்ணாடியில் காகிதத்தை அழுத்தியதால்தான் அந்த வில்கோடுகள் விழுந்திருக்க வேண்டும். தக்கலையில் அந்த மணல் இல்லாததால் அந்தத் தங்கைக்குச் செய்தித்தாள் துரோகம் செய்யவில்லை. ஆகவே முதலில் நிறையத் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலையும் உப்பையும் வழியவிட வேண்டும். அதற்கு முன் எதைக் கொண்டும் தொடக் கூடாது.

என் மனத்தில் நிற்பது கோட்டாறில் ஒரு வீட்டுக் குளியலறையின் தடுப்புக் கண்ணாடி. நான்கு வருடம் போர் தண்ணீர் பட்டு, பால் தெளித்ததுபோல் இருந்தது. கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிடைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தேன். பதினைந்து நிமிடம் துணி உலராமல் பார்த்துக்கொண்டேன். உலர்ந்துவிட்டால் கரைந்த சுண்ணாம்பே மீண்டும் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். பலரும் அங்கேதான் தோற்கிறார்கள். மூன்று முறை அப்படிச் செய்து கழுவியதும் மேல்பாதி தெளிந்தது. கீழ்ப்பாதியில் நகத்தால் தடவினால் வழுவழுப்பாக இருந்தது. நனைத்தால் தெளிவாகவும் உலர்ந்தால் மங்கலாகவும் தெரிந்தது. அங்கே கறை எதுவும் மீதமில்லை, கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டம்மா, "இன்னும் கொஞ்சம் தேய்ங்க அண்ணாச்சி" என்றார். தேய்த்தும் பயனில்லை என்று சொல்லும்போது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஓர் எச்சரிக்கை. கரைசலைக் கண்ணாடியில் நேரடியாகத் தெளித்தால் அது கீழே வழிந்து விளிம்பு வழியாகப் பின்பக்கம் புகுந்து ரசத்தைக் கறுக்கவைக்கும். துணியில் நனைத்துத் துடைத்து, விளிம்பை உடனே உலர்த்த வேண்டும். பளிங்குத் தரையில் அந்தக் கரைசல் சொட்டவும் கூடாது.

கோடு விழாமல் முடிப்பதற்கு, ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் நான்கைந்து சொட்டு போதும். ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க வேண்டும். கடைசித் தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் அதுவே மறுபடி புள்ளியாகும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு விழும் மழைநீரைப் பிடித்துவைத்து அதற்குப் பயன்படுத்தலாம். வெயில் படும்போது துடைக்கவே கூடாது. துணி வருவதற்குள் சோப்பு உலர்ந்து கோடாகிவிடும்.

ஆரல்வாய்மொழி வாசகர்:

என் வீட்டு மாடியில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் போர் தண்ணீர் அடித்துப் புள்ளிகள் வந்துவிட்டன. ஒரு நாள் நடுப்பகலில் சூடான தகட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியபோது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி விரியவில்லை என்றாலும் அதன்பின் நான் விடியற்காலையில்தான் கழுவுகிறேன். அந்தத் தகடுகளுக்கும் சிட்ரிக் ஆசிட் போடலாமா என்பதை அண்ணாச்சி சொன்னால் நன்றாக இருக்கும்.

வடசேரி:

தகடுகளில் மேற்பூச்சு இருக்கக்கூடும். அதைத் தயாரித்தவரிடம் கேட்காமல் நான் சொல்ல மாட்டேன்.

முட்டம் வாசகி:

அண்ணாச்சி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன். வெள்ளைப் புள்ளி போகவில்லை என்று கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றினேன். அதற்கு முன்பே அங்கே பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தேன். கண்ணீர் கொட்டி, தொண்டை அடைத்து, ஜன்னலைத் திறக்கக்கூட நிற்காமல் வெளியே ஓடி முற்றத்தில் அமர்ந்து இருமியது நினைவில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலமும் சேரக் கூடாது. எழும்புவது குளோரின் வாயு.

பிறகு பிளேடால் சுரண்டியவர்களும் உண்டு. கடினப்படுத்திய கண்ணாடியில் பிளேடு போட்டதில் நீளக் கீறல் விழுந்ததை என் தங்கை வீட்டில் கண்டேன்.

வடசேரி:

சாதாரண ஜன்னல் கண்ணாடியில், நன்றாக நனைத்து, சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ளினால் பிளேடு தீங்கு செய்யாது என்பது என் அனுபவம். ஆனால் கடினப்படுத்திய கண்ணாடியில் நானும் பிளேடு போடுவதில்லை.

மணவாளக்குறிச்சி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் அந்தப் பக்கம் வருமுன் செய்தேன். முதலில் ஊற்றிய இரண்டு குடம் தண்ணீரில் சன்னல் திண்ணையில் கறுப்பு மணல் கோடாகப் படிந்ததைக் கண்டேன். நனைத்த துணியை மூன்று முறை வைத்ததில் வெள்ளைப் புள்ளிகள் இரண்டு ஜன்னல்களில் முழுவதும் போய்விட்டன. உள்பக்கத்தைக் குறுக்காகவும் வெளிப்பக்கத்தை நெடுக்காகவும் துடைத்ததால், மீதமிருந்த ஒரு கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உடனே தெரிந்தது. பழைய வில்கோடுகள் போகவில்லை. அவை கீறல்கள் என்று இப்போது எனக்கும் புரிகிறது. மூன்றாவது ஜன்னலின் மூலையில் நனைந்தால் மறையும் அந்த மங்கல் இருக்கிறது. சீரியம் ஆக்சைடு பூசி மெருகேற்றினால் போகும் என்று ஒருவர் சொல்கிறார், அப்படிச் செய்தால் அந்த இடத்தில் உருவம் நெளிந்து தெரியும் என்று இன்னொருவர் சொல்கிறார். யாராவது சொந்த வீட்டில் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.