புதுப்பிப்பு: கணக்கு முடித்த பிறகு சிக்கிய இயந்திரப் பிழை

என் பழைய கேள்வி: "20,000க்கு வாங்கிய இயந்திரம் பழுதுபார்ப்புக் கணக்கில் பற்று ஆகியிருக்கிறது. போன வருடக் கணக்கை முடித்தாயிற்று, இருப்பாய்வும் சரியாகவே இருந்தது. இப்போது எப்படித் திருத்துவது?"

சரி, பெரும்பாலும் முடிந்தது. இருப்பாய்வு வித்தியாசத்தைத் தற்காலிகமாக வைக்கும் அநாமத்துக் கணக்கில் போடச் சொல்லிப் பதில் எழுதியவர் பாதிதான் சரி. இங்கே பற்றும் 20,000, வரவும் 20,000, பற்று மட்டும் தவறான கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசமே இல்லாதபோது அநாமத்துக்கு என்ன வேலை? கொள்முதல் ஏட்டின் கூட்டல் 900 குறைந்துவிட்டது என்று தன் கதையைச் சொன்னாரே இன்னொருவர், அவருக்குத்தான் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே பற்றுப் பக்கம் மட்டும் குறைந்து இருப்பாய்வு இடிக்கும்.

பழுதுபார்ப்புக் கணக்கு போன வருடமே இலாப நட்டக் கணக்குக்குப் போய் மூடிவிட்டதால், அதில் இப்போது வரவு வைத்தால் இந்த வருடச் செலவு பொய்யாகக் குறையும். மூத்த கணக்காளர் ஒருவர் சொன்னபடி இயந்திரக் கணக்கில் 20,000 பற்று, போன வருட இலாபத்தைத் திருத்தப் பயன்படும் இலாப நட்டச் சரிக்கட்டுக் கணக்கில் வரவு. அப்புறம் விட்டுப்போன தேய்மானம், 10 சதவீதம் என்றால் 2,000, சரிக்கட்டில் பற்று, இயந்திரத்தில் வரவு. மிச்சம் 18,000 மூலதனக் கணக்குக்குப் போகிறது. தேய்மானத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதையும் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது.

வருட நடுவில் வாங்கியதற்கு முழுத் தேய்மானமா, மாதக் கணக்கா என்பதில் மட்டும் இன்னும் இரண்டு கருத்து ஓடுகிறது.