புதுப்பிப்பு: ஆஃபர் லெட்டருக்கு ₹1,499

முதலில் கேட்டது: "இன்டர்ன்ஷிப் ஆஃபர் லெட்டருக்கு ₹1,499 கட்டச் சொல்கிறார்கள். எம்எஸ்எம்இ பதிவு, க்யூஆர் கோடு எல்லாம் இருக்கு. கட்டலாமா?"

கட்டவில்லை. உத்யம் என்ற எம்எஸ்எம்இ பதிவு எண் சரியாக இருப்பதால் நம்பலாம் என்றார் ஒருவர். அது பாதிதான் சரி. எண் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பதிவை எந்தச் சிறுதொழில் செய்பவரும் தன் விவரத்தைத் தானே கொடுத்து இலவசமாக எடுத்துவிடலாம். மாணவருக்குப் பயிற்சி தர அது அனுமதி ஆகாது. க்யூஆர் கோடு திறப்பதும் அவர்களுடைய தளத்தையே. தன் கடிதத்துக்குத் தானே சாட்சி!

கை கொடுத்தது பிளேஸ்மென்ட் அலுவலர் ஒருவரின் பதில். கடிதத்தின் அடியில் இருக்கும் 21 இடம் கொண்ட சிஐஎன் என்ற நிறுவன அடையாள எண்ணில், மாநில எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு. இதில் TN2024 என்றிருக்கிறது. கடிதமோ "10 ஆண்டு அனுபவம்" என்கிறது. நிறுவனத்தின் பெயரையும் நிலையையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் பார்க்கலாம். பதிவு உண்மையாகவே இருந்தாலும் வேலை தருகிறவர் பணம் கேட்பது ஏன் என்ற கேள்வி போகாது.

"நான் போன வாரமே கட்டிட்டேன், சான்றிதழ் எப்போ வரும்?" என்று கேட்ட தம்பிக்கு: சான்றிதழை விடுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கியிலும் புகார் கொடுங்கள். தாமதமானதால் பணம் திரும்புமா என்பது சந்தேகமே.

இப்படி வாங்கிய கடிதத்தை ஏற்பதா என்று எங்கள் கல்லூரித் துறை இன்னும் சொல்லவில்லை.