தேங்காய்த் தொட்டியை அப்படியே விற்பதா, கரியாக்குவதா? டிரம்மில் சுடுபவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. மாதம் 4 டன் தொட்டி சேரும். கிலோ 15 ரூபாய்க்கு வியாபாரி களத்திலேயே எடுத்துக்கொள்கிறார், 60,000 ரூபாய் கிடைக்கிறது. கரியாக்கினால் கிலோ 60 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்.

கணக்கு பார்க்கும் மச்சான் தேங்காய் விலையில் 20,000 ரூபாயைத் தொட்டியின் பங்காக எழுதி, கரி நஷ்டம் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொட்டியாக விற்றாலும் கரியாக விற்றாலும் தேங்காய்க்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். உடைத்த பிறகு கூடுதலாக என்ன வருகிறது, அதற்குக் கூடுதலாக என்ன செலவாகிறது என்பதை மட்டும்தானே பார்க்க வேண்டும்?

சுடுகூலி 6,000, சாக்கும் வண்டியும் 3,000, ஆக 9,000 கூடுதல் செலவு. டிரம் ஏற்கெனவே இருக்கிறது. 4 டன்னுக்கு 30 சதவீதம் கரி நின்றால் 1,200 கிலோ, 72,000 ரூபாய். கூடுதல் வரவு 12,000, மிச்சம் 3,000. 28 சதவீதம்தான் என்றால் 67,200. கூடுதல் வரவு 7,200 மட்டுமே, 1,800 கையைக் கடிக்கும். 1,150 கிலோவுக்குக் கீழே போனால் தொட்டியாகவே விற்பது மேல்.

அதனால் என் கேள்வி எடையைப் பற்றித்தான். மழைக்காலத்தில் ஈரத் தொட்டியைச் சுட்டால் உங்களுக்கு எத்தனை சதவீதம் நிற்கிறது? சலித்தபின் தூள் எவ்வளவு கழிகிறது, அதை என்ன விலைக்கு எடுக்கிறார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.